64 கிலோவா, 55 கிலோவா? படுக்கைப்புண் நோயாளிக்குப் புரத இலக்கு, சார்ட்டில் எழுதவேண்டிய காரணம்

தட்டுக்கணக்கு · பிப்ரவரி 4, இரவு 9.50

74 வயது ஆண். வால் எலும்புக்கு மேலே மூன்றாம் நிலை படுக்கைப்புண். சிறுநீரகம் பழுது, ஆனால் டயாலிசிஸ் இல்லை. கிரியாட்டினின் 1.9, சிறுநீரகம் வடிகட்டும் அளவைக் காட்டும் இஜிஎஃப்ஆர் 37. சர்க்கரை நோய் கிடையாது. இரண்டு காலும் முழங்கால் வரை வீங்கியிருக்கிறது. கட்டில் தராசில் இன்று 64 கிலோ.

சார்ட்டைப் புரட்டினால் எட்டு மாதத்துக்கு முன் வெளிநோயாளிப் பிரிவில் எழுதிய வரி: "குறை புரத உணவு, கிலோவுக்கு 0.6". நேற்று வார்டு டாக்டர் எழுதியது: "அதிகப் புரத உணவு". பழையதை யாரும் ரத்து செய்யவில்லை. சமையலறையிலிருந்து போன் செய்து எதை அனுப்புவது என்று கேட்கிறார்கள்.

0.6 என்றால் 38 கிராம். படுக்கைப்புண்ணுக்கு எல்லாரும் சொல்லும் 1.5 என்றால் 96 கிராம். ஒரே ஆளுக்கு, ஒரே நாளில். என் கட்சி: இரண்டும் தப்பு. ஏனென்றால் இரண்டுமே அந்த 64ஐப் பெருக்கி வந்தவை. நீங்கள் இருந்தால் எந்த எண்ணைப் போடுவீர்கள், அதற்குக் கீழே என்ன எழுதுவீர்கள்? இரண்டாவது கேள்விக்குத்தான் எனக்குப் பதில் வேண்டும்.

பழைய ஸ்டெத் · பிப்ரவரி 4, இரவு 10.20

அல்புமின் எவ்வளவு? 2.5க்குக் கீழே இருந்தால் யோசிக்கவே வேண்டாம், கிலோவுக்கு 2 கிராம் போடுங்கள். வாரம் ஒருமுறை அல்புமின் பாருங்கள், ஏறினால் புரதம் சேருகிறது என்று அர்த்தம். காரணம் எழுதுவதும் சுலபம்: "அல்புமின் குறைவு".

தட்டுக்கணக்கு · பிப்ரவரி 4, இரவு 10.35

2.3. ஆனால் அழற்சியைக் காட்டும் சிஆர்பி 88. அதனால்தான் அந்த 2.3ஐ நான் எங்கேயும் காரணமாக எழுதவில்லை.

சிறுநீரகச்சிந்தனை · பிப்ரவரி 5, காலை 7.15

நெஃப்ராலஜி எழுதிய உத்தரவை டயட்டீஷியன் மாற்ற முடியாது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இஜிஎஃப்ஆர் 37ல் புரதத்தை ஏற்றினால் யூரியா ஏறும், பைகார்பனேட் இறங்கும், பாஸ்பரஸ் ஏறும். புண் ஆறும் முன் ஆள் டயாலிசிஸுக்குப் போவார். நானாக இருந்தால் 0.8க்கு மேல் தொடமாட்டேன்.

மூன்றாம்மாடி · பிப்ரவரி 5, காலை 11.40

இரண்டு பேருக்கும் சேர்த்து.

ஸ்டெத், அல்புமின் குறைந்திருப்பது கெட்ட செய்திதான், அதில் தகராறு இல்லை. அப்படிப்பட்டவர்கள் மோசமாகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அது புரதம் போதவில்லை என்று சொல்வதில்லை, உடம்பில் அழற்சி ஓடுகிறது என்று சொல்கிறது. சிஆர்பி 88 இருக்கும்போது கல்லீரல் அல்புமின் செய்வதைக் குறைத்துக்கொள்ளும், இருப்பதும் ரத்தக் குழாயை விட்டு வெளியே கசியும். உள்ளே எத்தனை கிராம் புரதம் போட்டாலும் அழற்சி அடங்கும்வரை அந்த எண் ஏறாது. அடங்கினால் பட்டினி கிடந்தாலும் ஏறக்கூடும். கூடவே அதன் அரை ஆயுள் ஏறக்குறைய 20 நாள், வாரத்துக்கு வாரம் பார்ப்பதில் பொருளே இல்லை. வீக்கம் வேறு இருக்கிறது, நீர் கலந்தாலே எண் இறங்கும். அதைக் காரணமாக எழுதினால் அடுத்த மாதம் யாரோ ஒருவர் "அல்புமின் சரியாகிவிட்டது, புரதத்தை நிறுத்து" என்று எழுதுவார். நான் பார்த்திருக்கிறேன்.

சிறுநீரகச்சிந்தனை, 0.6 எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 2020 கே.டி.ஓ.க்யூ.ஐ. சிறுநீரக ஊட்ட வழிகாட்டியில் டயாலிசிஸ் இல்லாத, சர்க்கரை இல்லாத மூன்று முதல் ஐந்தாம் நிலை நோயாளிக்கு 0.55 முதல் 0.60 வரை. சரி. ஆனால் அந்த வாக்கியத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது: வளர்சிதை மாற்றம் நிலையாக உள்ளவர். திறந்த புண், அழற்சி, படுக்கையில் கிடந்து கரையும் தசை என்று ஒருவர் இருந்தால் அவர் நிலையானவர் இல்லை. எட்டு மாதத்துக்கு முன் நடந்து வந்து கிளினிக்கில் உட்கார்ந்தவருக்கு அந்த 0.6 சரியாக இருந்திருக்கலாம். உத்தரவு தப்பு என்று நான் சொல்லவில்லை, அது வேறு ஆளுக்கு எழுதியது. மாற்றும் அதிகாரம் யாருக்கு என்பதில் நீங்கள் சொல்வது சரி. போன் போட்டுப் பேசி, பேசியதை எழுத வேண்டும்.

மறுபக்கமும் பாருங்கள். 2019 சர்வதேச படுக்கைப்புண் வழிகாட்டியில் 1.25 முதல் 1.5 கிராம் என்பது படுக்கைப்புண் உள்ள எல்லாருக்கும் இல்லை. படுக்கைப்புண் இருந்து, ஊட்டக்குறைவும் இருப்பவருக்கு, அல்லது அந்த அபாயத்தில் இருப்பவருக்கு. பாதிப் பேர் அந்தப் பின்பாதியைப் படிப்பதில்லை. ஆகவே தட்டுக்கணக்கு, உங்கள் ஆளுக்கு ஊட்டக்குறைவு உண்டு என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? 64 கிலோவில் அது தெரியுமா?

அம்மாவின்மகன் · பிப்ரவரி 5, மதியம் 1.05

மன்னிக்கவும், நான் மருத்துவத் துறை இல்லை. அம்மாவுக்கு 81 வயது, குதிகாலில் சிவப்பாக இருக்கிறது, அழுத்தினால் வெளிறவில்லை. தோல் கிழியவில்லை. மருந்துக்கடையில் ஒரு புரத பவுடர் கொடுத்தார்கள். டப்பாவில் ஒரு ஸ்கூப் 10 கிராம் என்று போட்டிருக்கிறது, அப்படியென்றால் ஒன்பது ஸ்கூப் போட்டால் நீங்கள் சொல்லும் 96 கிராம் கிட்டத்தட்ட வந்துவிடுமா?

கட்டுப்போடுபவள் · பிப்ரவரி 5, மதியம் 1.30

தம்பி, வேண்டாம். முதலில் குதிகாலைப் படுக்கையில் படாமல் தூக்கி வையுங்கள், கெண்டைக்கால் முழுக்கத் தாங்குவதுபோல் தலையணை. பவுடரால் அந்தச் சிவப்பு போகாது. அழுத்தினால் வெளிறாத சிவப்பு முதல் நிலை, ஒரு நர்ஸோ டாக்டரோ நேரில் பார்க்கட்டும், இன்றைக்கே.

தட்டுக்கணக்கு · பிப்ரவரி 5, மதியம் 2.10

அவர் கேட்ட ஸ்கூப் விஷயத்தை அப்படியே விட மனமில்லை. ஒரு ஸ்கூப் 10 கிராம் என்றால் அது பவுடரின் எடை. டப்பாவின் பின்பக்கம் 100 கிராமில் எவ்வளவு புரதம் என்று இருக்கும். 40 என்று இருந்தால் ஒரு ஸ்கூப்பில் 4 கிராம்தான். மீதி பெரும்பாலும் மாவுச்சத்து. வார்டு சார்ட்டிலேயே "மூன்று ஸ்கூப், 30 கிராம் புரதம்" என்று எழுதியிருப்பதைப் பார்க்கிறேன். உண்மையில் 12.

அம்மாவுக்கு எவ்வளவு என்பதை அவர் எடை, சிறுநீரகம், சாப்பாடு எல்லாம் பார்த்துத்தான் சொல்ல முடியும். இங்கே நடப்பது வேறு ஆளின் கணக்கு.

தட்டுக்கணக்கு · பிப்ரவரி 5, இரவு 11.15

மூன்றாம்மாடி கேட்ட கேள்விக்கு வருகிறேன், எடை.

பழைய சீட்டுகளைத் தேடினேன். ஆறு மாதத்துக்கு முன் 61. இரண்டு மாதத்துக்கு முன் வேறொரு கிளினிக் சீட்டில் 56, பக்கத்திலேயே "கால் வீக்கம் இல்லை" என்று எழுதியிருக்கிறது. அந்த மூன்று வார்த்தைக்காக எழுதியவருக்குக் கும்பிடு. அதற்குப் பிறகு சாப்பாடு இன்னும் குறைந்திருக்கிறது, மகள் சொன்னது. ஆகவே வீக்கமில்லாத எடையை 55 என்று எடுத்துக்கொண்டேன். மதிப்பீடுதான்.

இப்போது பாருங்கள். 64ஐ நம்பினால் ஆள் ஆறு மாதத்தில் மூன்று கிலோ ஏறியிருக்கிறார், ஊட்டக்குறைவே இல்லை. 55ஐ நம்பினால் 61லிருந்து ஆறு கிலோ போயிருக்கிறது, கிட்டத்தட்ட 10 சதவீதம். உயரம் நிற்க வைத்து அளக்க முடியவில்லை, முன்கை எலும்பு நீளத்திலிருந்து 160 செ.மீ. என்று வந்தது. பிஎம்ஐ 21.5. 70 வயதுக்கு மேல், ஊட்டக்குறைவைக் கணிக்கும் கிளிம் அளவுகோலில் 22க்குக் கீழே வந்தாலே குறைவு. எடை இழப்பு, குறைந்த பிஎம்ஐ, கூடவே அழற்சியும் குறைந்த உணவும். ஊட்டக்குறைவு உறுதி. கால் வீக்கம் ஒன்பது கிலோ நீரை மட்டும் சேர்க்கவில்லை, நோயையே மறைத்துவிட்டது.

55க்கு 1.25 என்றால் 69 கிராம். 1.5 என்றால் 82 அல்லது 83. 64க்கு 1.5 என்று கண்ணை மூடிப் பெருக்கியிருந்தால் 96, அதாவது உண்மையான எடைக்கு 1.75. இஜிஎஃப்ஆர் 37 உள்ளவருக்கு யாரும் அதைத் தெரிந்தே எழுதமாட்டோம்.

மூன்றாம்மாடி · பிப்ரவரி 6, காலை 6.50

அந்த 37ஐயும் முழுதாக நம்பாதீர்கள். படுத்தே கிடப்பவருக்குத் தசை குறைவு, கிரியாட்டினின் உற்பத்தியும் குறைவு. எண் நன்றாகத் தெரியும், சிறுநீரகம் அதைவிட மோசமாக இருக்கலாம். தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி பரிசோதனை செய்ய முடிந்தால் கேளுங்கள், அழற்சி அதையும் கொஞ்சம் ஏற்றும் என்பதை மனதில் வைத்து. முடியாவிட்டால் கீழ்முனையிலிருந்து தொடங்க அது இன்னொரு காரணம்.

தட்டுக்கணக்கு · பிப்ரவரி 6, இரவு 8.30

நெஃப்ராலஜிஸ்டிடம் பேசினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. 0.6 தற்காலிகமாக நிறுத்தம், 1.25 வரை சம்மதம், வாரம் இரண்டு முறை யூரியா, கிரியாட்டினின், பொட்டாசியம், பைகார்பனேட். வீக்கத்துக்கு நீர் பிரிய ஊசியும் இன்றிலிருந்து தொடக்கம்.

சார்ட்டில் நான் முதலில் எழுதியது இது:

> படுக்கைப்புண் ஆற அதிகப் புரதம் தேவை. இலக்கு நாளொன்றுக்கு 69 கிராம். நெஃப்ராலஜி சம்மதம்.

தப்பில்லைதான். ஆனால் ஏதோ குறைகிறது.

மூன்றாம்மாடி · பிப்ரவரி 6, இரவு 9.05

நாளை மறுநாள் லீவில் வேறொரு டயட்டீஷியன் வருகிறார் என்று வையுங்கள். 69ஐப் பார்க்கிறார், கட்டில் தராசில் 64ஐப் பார்க்கிறார், வகுத்தால் 1.08. "அடடா, குறைவாகப் போட்டிருக்கிறார்கள்" என்று 96க்கு ஏற்றிவிடுவார். நல்ல எண்ணத்தோடுதான். எந்த எடை, ஏன் கீழ்முனை, எது நடந்தால் மாற்றுவீர்கள், இந்த மூன்றும் அந்தக் குறிப்பில் இல்லை.

சிறுநீரகச்சிந்தனை · பிப்ரவரி 6, இரவு 9.40

எது நடந்தால் *குறைப்பீர்கள்* என்பதையும் எழுதுங்கள். ஏற்றுவதற்கு மட்டும் எல்லாரும் நிபந்தனை எழுதுகிறார்கள்.

தட்டுக்கணக்கு · பிப்ரவரி 7, மாலை 6.20

திருத்தி எழுதியது. பெயர், எண் எல்லாம் எடுத்துவிட்டு:

> ஊட்டக்குறைவு, மிதமானது: ஆறு மாதத்தில் 61லிருந்து சுமார் 55 கிலோ, பிஎம்ஐ 21.5, குறைந்த உணவு, சிஆர்பி 88. வால் எலும்புப் பகுதியில் மூன்றாம் நிலை புண், 5 × 4 செ.மீ.
>
> கணக்குக்கு எடுத்த எடை 55 கிலோ (இரண்டு மாதம் முன் வீக்கமின்றி 56). இன்றைய 64 பயன்படுத்தப்படவில்லை, முழங்கால் வரை வீக்கம்.
>
> புரதம் 69 கிராம், கிலோவுக்கு 1.25. சக்தி 1650 கலோரி, கிலோவுக்கு 30. புண்ணுக்கான வரம்பின் கீழ்முனை எடுத்ததற்குக் காரணம் சிறுநீரகம், டயாலிசிஸ் இல்லை. முந்தைய 0.6 உத்தரவு நிலையான காலத்துக்கானது. நெஃப்ராலஜியுடன் பேசி இன்று நிறுத்தப்பட்டது.
>
> அல்புமின் 2.3 இலக்குக்கு அடிப்படை அல்ல.
>
> வீக்கம் வடிந்ததும் எடை பார்த்து மறுகணக்கு. யூரியா தொடர்ந்து ஏறினால் முதலில் நீர்ச்சத்து, நீர் பிரியும் மருந்து, ரத்தக்கசிவு பார்க்கவும், அவை இல்லையென்றால் 1.0க்குக் குறைத்து நெஃப்ராலஜியிடம் கேட்கவும். உண்மையில் சாப்பிடுவது 69ஐ எட்டி, இரண்டு வாரத்தில் புண் மாறாமல் இருந்து, யூரியா நிலையாக இருந்தால் மட்டும் 82 பற்றிப் பேசலாம்.

நீளம் என்று டாக்டர் முனகினார். முனகிக்கொண்டே முழுதும் படித்தார்.

பழைய ஸ்டெத் · பிப்ரவரி 7, இரவு 7.45

அல்புமின் வரி எனக்காக எழுதியதா?

தட்டுக்கணக்கு · பிப்ரவரி 7, இரவு 7.50

உங்களைப்போன்ற அன்பர்கள் எல்லா வார்டிலும் இருக்கிறார்கள்.

கட்டுப்போடுபவள் · பிப்ரவரி 9, இரவு 11.30

இலக்கு பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், உள்ளே எவ்வளவு போகிறது என்று யாராவது பார்த்தீர்களா? எங்கள் வார்டில் "75 சதவீதம் சாப்பிட்டார்" என்று எழுதுவோம். தட்டில் முக்கால்வாசி காலி, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். எந்தக் கால்வாசி மிச்சம் என்று யாரும் எழுதுவதில்லை. எப்போதும் முட்டைதான் மிச்சம். கூழ் மாதிரி வழுக்கிக்கொண்டு போவதை எல்லாம் சாப்பிட்டுவிடுவார்கள், மெல்ல வேண்டியதை ஒதுக்கிவிடுவார்கள்.

தட்டுக்கணக்கு · பிப்ரவரி 11, இரவு 9.10

அக்கா சொன்னதால் மூன்று நாள் தட்டு தட்டாகப் பார்த்தேன், எது மிச்சம் என்று தனித்தனியாக. நாங்கள் அனுப்பும் உணவில் மொத்தம் 62 கிராம் புரதம். சார்ட்டில் உள்ள 75 சதவீதத்தை நம்பினால் 46 கிராம் உள்ளே போகிறது. எண்ணிப் பார்த்தால் சராசரி 33. கலோரி ஏறக்குறைய 1000.

ஆக, 0.6 உத்தரவை ரத்து செய்ய இவ்வளவு பாடுபட்டோம், ஆள் உண்மையில் அந்த 0.6லேயே இருந்திருக்கிறார், 55க்கு 33 கிராம், சரியாக 0.6. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

இன்னொன்று. கலோரி 1000 என்று இருக்கும்போது புரதத்தை மட்டும் ஏற்றினால் உடம்பு அதை விறகாக எரித்துவிடும். புண்ணுக்குப் போகாது, யூரியாவாக வெளியே வரும். சிறுநீரகத்துக்குச் சுமை மட்டும் மிச்சம். ஆகவே வெறும் புரத பவுடர் இந்த ஆளுக்குச் சரியில்லை, இரண்டும் சேர்ந்து வர வேண்டும்.

செய்தது: ஒரு மில்லிக்கு 2 கலோரி உள்ள அடர்த்தியான பானம், 60 மில்லி, நாளுக்கு நான்கு முறை, மாத்திரை கொடுக்கும் நேரத்தில் நர்ஸ் கையால். மொத்தம் 240 மில்லி, 480 கலோரி, 20 கிராம் புரதம். டம்ளர் நிறைய வைத்துவிட்டு வந்தால் பாதி மேசையிலேயே கிடக்கும், 60 மில்லி என்றால் ஒரே மடக்கு. மருந்துச் சார்ட்டிலேயே ஏறிவிடுவதால் குடித்தாரா இல்லையா என்பதும் பதிவாகிறது. முட்டையை மசித்துக் கூழில் கலந்தாயிற்று.

சார்ட்டில் இப்போது இரண்டு எண் எழுதுகிறேன், பக்கத்துப் பக்கத்தில்: இலக்கு 69, உட்கொண்டது 33.

மூன்றாம்மாடி · பிப்ரவரி 12, காலை 7.00

இந்த இரண்டாவது எண் இல்லாத சார்ட்டில்தான் "69 கொடுத்தும் புண் ஆறவில்லை, 82 ஆக்கு" என்று எழுதுவார்கள்.

அர்ஜினின், துத்தநாகம் சேர்த்த பானம் பற்றி யோசித்தீர்களா? ஊட்டக்குறைவோடு இரண்டாம் நிலையோ அதற்கு மேலோ இருந்தால் 2019 வழிகாட்டி அதைச் சொல்கிறது.

தட்டுக்கணக்கு · பிப்ரவரி 12, இரவு 10.00

யோசித்தேன். சிஆர்பி 88, தொற்று இருக்கிறதா இல்லையா என்று இன்னும் முடிவாகவில்லை. கடும் தொற்றில் அர்ஜினின் கொடுப்பது பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கிறது. தொற்று இல்லை என்று உறுதியானபின் பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறேன்.

தட்டுக்கணக்கு · பிப்ரவரி 18, இரவு 9.30

யூரியா 68லிருந்து 94. கிரியாட்டினின் 1.9லிருந்து 2.0 மட்டும். பொட்டாசியம் சரி. பைகார்பனேட் 21லிருந்து 20. எடை 55.5, கால் வீக்கம் வடிந்துவிட்டது. உட்கொள்வது 58 கிராம், 1450 கலோரிக்குக் கிட்டத்தட்ட.

சிறுநீரகச்சிந்தனை · பிப்ரவரி 18, இரவு 9.50

சொன்னேனா இல்லையா.

தட்டுக்கணக்கு · பிப்ரவரி 18, இரவு 10.40

சொன்னீர்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 33லிருந்து 58 என்றால் 25 கிராம் கூடுதல். 6.25ஆல் வகுத்தால் 4 கிராம் நைட்ரஜன். அது முழுவதும் யூரியாவாக மாறினால் 8.6 கிராம் யூரியா, ஒரு நாளைக்கு. சிறுநீரகம் பாதி வேலை செய்யும் ஆளுக்கு அது ரத்தத்தில் தெரியத்தான் செய்யும், மறுக்கவில்லை. அதே பத்துச் சொச்சம் நாளில் எட்டு கிலோவுக்கு மேல் நீரும் போயிருக்கிறது. சிறுநீர் அடர்நிறம், நாக்கு வறண்டிருக்கிறது, உட்கார வைத்தால் ரத்த அழுத்தம் விழுகிறது. யூரியா இவ்வளவு ஏறி கிரியாட்டினின் அசையாமல் இருப்பது இரண்டுக்குமே பொருந்தும். மலம் கறுப்பாக இல்லை, ரத்தக்கசிவுக்கு அறிகுறி தெரியவில்லை.

நாங்கள் எழுதிவைத்த வரிசைப்படி முதலில் நீர். நீர் பிரியும் மருந்தை டாக்டர் பாதியாக்கினார். புரதத்தைத் தொடவில்லை.

தட்டுக்கணக்கு · பிப்ரவரி 22, இரவு 8.15

யூரியா 79. புரத இலக்கு அதே 69. எடை 55.

சிறுநீரகச்சிந்தனை · பிப்ரவரி 22, இரவு 8.40

இந்த நான்கு நாளும் 58 கிராம் உள்ளே போனதா?

தட்டுக்கணக்கு · பிப்ரவரி 22, இரவு 9.00

இல்லை. 19, 20 இரண்டு நாளும் காய்ச்சல், உட்கொண்டது 40 கிராமைத் தாண்டவில்லை. ஆகவே யூரியா இறங்கியது மருந்து குறைந்ததாலா, சாப்பாடு குறைந்ததாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. சார்ட்டில் அப்படியே எழுதினேன்: "இரண்டும் காரணமாக இருக்கலாம், 60 கிராம் தொடர்ந்து போகும் வாரத்தில் மீண்டும் பார்க்க வேண்டும்".

மறுகணக்கும் போட்டேன். 55க்கு 1.25, அதே 69. பிப்ரவரி 5ல் பழைய சீட்டை நம்பியது பொய்க்கவில்லை.

பழைய ஸ்டெத் · பிப்ரவரி 23, காலை 8.20

எங்கள் வார்டில் ஒரு கேஸ், கிட்டத்தட்ட இதே மாதிரி. புண் ஒரே வாரத்தில் 5 × 4லிருந்து 5.6 × 4.3 ஆகிவிட்டது. சீனியர் உடனே புரதத்தை 2 கிராம் ஆக்கச் சொல்கிறார். இந்த முறை அல்புமின் பேச்சே எடுக்கவில்லை, கவனித்தீர்களா?

கட்டுப்போடுபவள் · பிப்ரவரி 23, மதியம் 3.10

இடையில் அழுகிய தசையை வெட்டி எடுத்தார்களா?

பழைய ஸ்டெத் · பிப்ரவரி 23, மதியம் 3.25

ஆமாம், செவ்வாய்க்கிழமை.

கட்டுப்போடுபவள் · பிப்ரவரி 23, மதியம் 3.50

அப்படியென்றால் புண் பெரிதாகவில்லை, இருந்த அளவு இப்போதுதான் தெரிகிறது. செத்ததை எடுத்தால் பள்ளம் பெரிதாகத்தான் தெரியும். வெட்டிய நாளின் அளவைப் புதிய தொடக்கமாக வைத்துக்கொண்டு அங்கிருந்து எண்ணுங்கள். யார் அளந்தார்கள் என்பதையும் பாருங்கள். தலையிலிருந்து கால் திசையில் நீளம், அதற்குக் குறுக்கே அகலம், ஆள் ஒரே பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கும்போது. ஒருவர் குறுக்காகவும் இன்னொருவர் கோணலாகவும் அளந்தால் அரை செ.மீ. தானாகவே வரும். தோலுக்கு அடியில் குடைந்திருப்பதைத் தனியாக எழுத வேண்டும், அதை அகலத்தோடு சேர்த்துவிடுகிறார்கள்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்று. தட்டுக்கணக்கு ஆளின் புண் நன்றாக வந்தால் அதைப் புரதக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். அவருக்குக் காற்று மெத்தை வந்தது 8ஆம் தேதி. இரவில் திருப்பிப் போடுவதும் அன்றிலிருந்துதான் ஒழுங்காக நடக்கிறது.

தட்டுக்கணக்கு · பிப்ரவரி 23, இரவு 10.20

நியாயம். புண் இன்று 4.6 × 3.7, அடியில் சிவப்பாகப் புதுத் தசை. "அதிகப் புரதத்தால் முன்னேற்றம்" என்று எழுத இருந்தேன், எழுதவில்லை. புண் அளவும் உட்கொண்ட அளவும் மெத்தை வந்த தேதியும் ஒரே வரியில் இருக்கின்றன.

82க்கு ஏற்றுவது பற்றி இப்போது பேச்சில்லை. 69ஐயே இன்னும் எட்டவில்லை, புண்ணும் அசைகிறது.

அம்மாவின்மகன் · பிப்ரவரி 25, காலை 9.00

அம்மா குதிகால் சிவப்பு போய்விட்டது. தலையணைதான். பவுடர் டப்பா இன்னும் திறக்கவில்லை, திருப்பிக் கொடுத்தால் வாங்குவார்களா?

தட்டுக்கணக்கு · மார்ச் 1, இரவு 9.45

ஆள் வீட்டுக்குப் போகிறார். உட்கொள்வது 64 கிராம், யூரியா 81, கிரியாட்டினின் 1.9. டிஸ்சார்ஜ் கடிதத்தில் இலக்கு 69, எடை 55, கணக்கின் காரணம் எல்லாம் நான்கு வரியாகப் போட்டேன். சிக்கல் கடைசி வரியில். புண் மூடியபின் என்ன? "0.6க்குத் திரும்பவும்" என்று வார்டு டாக்டர் எழுதச் சொன்னார். நான் எழுதியது: "புண் மூடியதும் தானாக 0.6க்குத் திரும்ப வேண்டாம்; அப்போதைய எடை, சிஆர்பி, ஊட்டநிலை பார்த்து நெஃப்ராலஜி முடிவு செய்யட்டும்". புண் மூடிய மறுநாள் ஊட்டக்குறைவும் போய்விடுமா என்ன? இழந்த ஆறு கிலோ அப்படியேதான் இருக்கும்.

சிறுநீரகச்சிந்தனை · மார்ச் 1, இரவு 10.10

இதை நான் ஏற்கவில்லை. புண் மூடினால் நிலையானவர் ஆகிவிட்டார், 0.6 சரி. கலோரியை 30ல் வைத்தால் எடை ஏறும். நீங்கள் திறந்துவிட்டுப் போகும் கதவை யாரும் மூடமாட்டார்கள், ஒரு வருடம் கழித்தும் 69 சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

மூன்றாம்மாடி · மார்ச் 2, காலை 6.45

அவர் பயப்படுவது உண்மையான பயம். மூன்று மாதத்தில் மறுபரிசீலனை என்று தேதி போடுங்கள். தேதி இல்லாத "பின்னர் பார்க்கவும்" யாராலும் பார்க்கப்படுவதில்லை.

தட்டுக்கணக்கு · மார்ச் 2, காலை 8.05

தேதி போட்டாயிற்று, நெஃப்ராலஜி கிளினிக்கில் நேரமும் வாங்கியாயிற்று. 0.6 பற்றி இன்னும் ஒத்துப்போகவில்லை, அங்கே அவர்கள் முடிவு செய்யட்டும். கடிதத்தின் நகல் மகளிடம் ஒன்று, இந்த முறை "கால் வீக்கம் இல்லை" என்று எடைக்குப் பக்கத்தில் நானே எழுதினேன்.